குவிண்டாலும் கிலோவும் கலந்த விளைச்சல் கணக்கு

கேள்வி: தொண்டிப் பக்கம் நான்கு இடங்களில் நெல் வயல் வைத்திருக்கிறேன். இந்த அறுவடையில் 7 குவிண்டால் 85 கிலோ, 12 குவிண்டால் 6 கிலோ, 9 குவிண்டால் 40 கிலோ, 5 குவிண்டால் 92 கிலோ கிடைத்தது. தாளில் கூட்டினால் 35 குவிண்டால் 23 கிலோ, மகன் கைபேசியில் கூட்டினால் 35.77 குவிண்டால். எது சரி?

பதில்: தாளில் நீங்கள் போட்ட கணக்கே சரி. கிலோக்களை மட்டும் முதலில் கூட்டினால் 223 வரும். நூறு கிலோ ஒரு குவிண்டால் என்பதால் அதில் 2 குவிண்டாலைக் குவிண்டால் பக்கம் ஏற்றிவிட்டு, மீதி 23 கிலோவை அங்கேயே நிறுத்த வேண்டும். குவிண்டால்கள் 33, ஏற்றியது 2, ஆக 35.

கைபேசியும் தப்பாகக் கூட்டவில்லை. இரண்டாம் வயலின் எடையை 12.6 என்று அதில் பதிந்திருப்பதுதான் பிழை. புள்ளிக்குப் பின் வரும் முதல் இலக்கம் பத்துப் பத்துக் கிலோவைக் குறிப்பதால், 12.6 குவிண்டால் என்றால் 12 குவிண்டால் 60 கிலோ ஆகிவிடுகிறது. 6 கிலோவை 12.06 என்றே எழுத வேண்டும். கிலோ ஒற்றை இலக்கத்தில் இருக்கும் வயலில் மட்டுமே இந்தப் பிழை நேரும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு. இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் 54 கிலோ. அதை 9ஆல் வகுத்தால் 6 வருகிறது, ஆகவே 6 கிலோ எழுதிய வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புள்ளியே வேண்டாம் என்பவர்கள் 785, 1206, 940, 592 என்று எல்லாவற்றையும் கிலோவாகவே எழுதிக் கூட்டி, 3523 என்ற விடையின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் கிலோவாகப் பிரித்துக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பதால், 3523 கிலோவுக்கு 88 மூட்டை போக 3 கிலோ மிஞ்ச வேண்டும். 35.77 என்று நம்பிப் போயிருந்தால் 89 மூட்டையை எதிர்பார்த்து நின்றிருப்பீர்கள்.

இந்தத் தொகை நிற்க வேண்டுமானால், நான்கு எடைகளும் ஒரே அளவு காய்ந்த நெல்லுக்குப் போட்டவையாக இருக்க வேண்டும். உதாரணமாக, மூன்றாம் வயலின் 940 கிலோ அறுத்த அன்றே 20 சதவீத ஈரத்தோடு எடை போட்டதாகவும், மற்ற மூன்றும் 17 சதவீதத்துக்குக் காய்ந்தவையாகவும் இருந்தால், 940ஐ 80ஆல் பெருக்கி 83ஆல் வகுக்க வேண்டும். காய்ந்த எடை ஏறக்குறைய 906 கிலோவாகக் குறைந்து, மொத்தமும் 34 குவிண்டால் 89 கிலோவாக இறங்கும்.