‘நன்றாக இருக்கிறது சார்’ என்ற பதில் வராமலிருக்க

கேள்வி: எங்கள் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் சிவில் துறைத் தலைவராக இந்த ஆண்டுதான் பொறுப்பேற்றேன். செமஸ்டர் வினாத்தாள்களைத் துறையிலேயே தயாரித்து மாடரேஷன் குழுவுக்கு அனுப்புகிறோம். போன முறை எல்லா வரைவுகளையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து, ‘பார்த்துக் கருத்துச் சொல்லவும்’ என்று துறை ஆசிரியர்கள் அனைவருக்கும் அனுப்பினேன். இரண்டு பேர் ‘நன்றாக இருக்கிறது சார்’ என்றார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. குழுவோ பல தாள்களைத் திருப்பி அனுப்பியது. ஒரு மூத்த பேராசிரியருக்கு அதில் மனவருத்தம். இந்த முறை எப்படி எழுதுவது?
— பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்

பதில்: ‘பார்த்துச் சொல்லவும்’ என்று கேட்டால் பார்க்கத்தான் செய்வார்கள். வினாத்தாளைக் கண்ணால் பார்ப்பவருக்கு எழுத்துப்பிழையும், கேள்வி எண் மாறிப்போனதும்தான் தெரியும். குழு திருப்பி அனுப்பும் அளவுக்குள்ள பிழைகள் பேனாவை எடுத்துக் கணக்கைப் போட்டால்தான் அகப்படும். அதனால் உங்கள் மின்னஞ்சல் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விடைக்குறிப்பைத் திறக்காமல், மாணவர் இடத்தில் உட்கார்ந்து இந்தத் தாளை எழுதிப் பாருங்கள்.

உங்கள் துறையிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். “6 மீட்டர் நீளமுள்ள சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீராகப் பரவிய சுமையைத் தாங்குகிறது. குறுக்குவெட்டு 200 மி.மீ × 400 மி.மீ செவ்வகம். அதிகபட்ச வளைவுத் தகைவைக் கண்டுபிடி. (13 மதிப்பெண்)” படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. போட்டுப் பாருங்கள். பெண்டிங் மொமெண்ட் 90 கிலோநியூட்டன் மீட்டர். அடுத்து செக்‌ஷன் மாடுலஸ். இங்கே கை நிற்கும். ஆழம் எது, 400 மி.மீ பக்கமா, 200 மி.மீ பக்கமா? 400 என்றால் தகைவு சுமார் 16.9 நியூட்டன்/மி.மீ². பீமைப் படுக்கைவாக்கில் வைத்தால் 33.75, சரியாக இரண்டு மடங்கு. கேள்வியை எழுதியவர் மனதில் பீம் நின்றுகொண்டிருக்கிறது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பவருக்கும் அதுவே நின்றுவிடும். ஒரு மாணவர் படுக்கைவாக்கில் எடுத்தால், விடைத்தாள் திருத்துபவர் என்ன செய்வார்? ‘அகலம் 200 மி.மீ, ஆழம் 400 மி.மீ’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பீமின் தன்னெடையைச் சேர்க்க வேண்டுமா என்பதையும் அரை வரியில் சொல்லிவிடலாம்.

இதே கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தாள் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து பதின்மூன்று மதிப்பெண், ஒரு பதினைந்து மதிப்பெண் என்ற வழக்கமான அமைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 13 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 23 நிமிடம். மேலே சொன்ன கணக்கு மாணவருக்கே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மாற்றாக (ஆ)வில், ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் பீமுக்கு வினைவிசைகள் கண்டுபிடித்து, ஷியர் ஃபோர்ஸ் படமும் பெண்டிங் மொமெண்ட் படமும் வரைந்து, மொமெண்ட் குறி மாறும் புள்ளியையும் குறிக்கச் சொல்லியிருந்தால் அரை மணி போதாது. ‘அல்லது’ போட்ட இரண்டும் சமமாக இல்லை என்று குழு சொல்வது இதைத்தான். அதனால் சரிபார்ப்பவரிடம் ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். பாடம் தெரிந்த ஆசிரியருக்கு ஆகும் நேரத்தைவிட மாணவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கே பதினைந்து நிமிடம் ஆகிறதென்றால் கேள்வி நீளம். ‘கேள்வி கடினம்’ என்ற கருத்தை யாரும் மறுத்துப் பேசலாம், நிமிடக் கணக்கை மறுப்பது சிரமம். K3, K4 என்று பக்கத்தில் போடும் நிலைக் குறிகளையும் எழுதிப் பார்த்தபின் சரிபார்த்தால் போதும்.

சரி, யாருக்கு அனுப்புவது? ஒரு தாள், ஒருவருக்கு. எல்லாருக்கும் போனால், பொறுப்பு யாருக்கும் இல்லை. அந்த ஒருவர் அந்தப் பாடத்தை முன்பு நடத்தியவராக, ஆனால் இந்த செமஸ்டரில் நடத்தாதவராக இருக்கட்டும். நடத்துபவர் தாளைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ரிவிஷனில் கை அந்தப் பக்கம் சாயும். ஒரு செக்‌ஷனுக்குக் கிடைத்தது இன்னொரு செக்‌ஷனுக்குக் கிடைக்காமல் போகும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன முறை தாள்களை மின்னஞ்சலில் இணைத்து எல்லாருக்கும் அனுப்பியதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆய்வகக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு வெளியேற மறப்பவர் எல்லாத் துறையிலும் உண்டு. தயாரிப்பு நிலையில் தாளைத் துறையில் யார் பார்க்கலாம் என்று முதலில் உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடாது என்றால் இந்தச் சரிபார்ப்பை உள்மதிப்பீட்டுத் தேர்வுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுமதி இருந்தால், மின்னஞ்சலில் வேண்டுகோள் மட்டும் போகட்டும். தாளை அச்செடுத்து, உறையில் வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அதே உறையில் திரும்ப வாங்குங்கள்.

மின்னஞ்சல் இவ்வளவு போதும்:

“வணக்கம் மேடம். மெட்டீரியல்ஸ் பாடத் தாளின் வரைவைச் சரிபார்த்துத் தர உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த செமஸ்டரில் நீங்கள் இப்பாடம் எடுக்கவில்லை என்பதால் உங்களிடம் கேட்கிறேன். தாளும், ஒட்டி மூடிய விடைக்குறிப்பும் என் அறையில் இருக்கின்றன. முதலில் பெரிய கேள்விகளை, ‘அல்லது’ உட்பட, எழுதிப் பார்த்து ஆன நிமிடங்களைக் குறியுங்கள். பிறகு விடைக்குறிப்பைப் பிரித்து, விடையும் மதிப்பெண் பிரிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கே கை நின்றது என்பதைக் கேள்வி எண்ணோடு எழுதினால் போதும். வேலை மூன்று மணி நேரம் பிடிக்கும். வியாழன் மதியத்துக்குள் வேண்டும். அன்று உங்கள் ஆய்வக வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் நாளைக்குள் சொல்லிவிடுங்கள், வேறொருவரைக் கேட்கிறேன்.”

வேலைக்கு ஆகும் நேரத்தை மறைக்காதீர்கள். மூன்று மணி நேரத்தைக் கேட்கும்போது ஒரு வகுப்பையாவது நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். வியாழன் என்று போட்டால் மாடரேஷன் அடுத்த புதனாவது இருக்க வேண்டும். திருத்தும்போது ஒரு எண்ணை மாற்றினாலும் விடைக்குறிப்பு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த மூத்த பேராசிரியர். அவருடைய தாளில் இருந்த குறை குழு அறையில் பலர் முன்னிலையில் அவருக்குத் தெரியவந்ததுதான் வருத்தம் என்று நினைக்கிறேன். சரிபார்த்தவரின் குறிப்பு இனி தாள் தயாரித்தவருக்கு மட்டும், உங்கள் வழியாக, நேரில் போகட்டும். “11(அ)வில் ஆழம் எதுவென்று தெரியாமல் கை நின்றது” என்று எழுதினால் அவரே சிரித்துக்கொண்டு திருத்துவார். “கேள்வி தவறு” என்று எழுதினால் வாதம் தொடங்கும். எந்தத் திருத்தத்தை ஏற்பது என்ற முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். ஏற்காததற்கு ஒரு வரி காரணம் எழுதித் தந்தால் அதையும் தாளோடு குழுவுக்கு அனுப்புங்கள். இந்த முறை முதல் உறையை அவரிடம் கொடுத்து, இளைய ஆசிரியர் ஒருவரின் தாளைச் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்.