99,000 ரூபாயா, 1,24,615 ரூபாயா? ஒரு கிராஜுவிட்டி கணக்கு

கேள்வி: 2013 ஜூன் 5-ல் சேர்ந்து 2025 ஜனவரி 20-ல் ரிசைன் பண்ணினேன். மாதச் சம்பளம் 32,000. பேசிக் 14,000, டி.ஏ. 4,000, வீட்டு வாடகைப் படி 9,000, போக்குவரத்துப் படி 5,000. கிராஜுவிட்டி 99,000 என்று சொல்லி ஹெச்.ஆரில் கையெழுத்து கேட்கிறார்கள். இது சரியா?

பதில்:

சரியில்லை. உங்களுக்கு வர வேண்டியது 1,24,615 ரூபாய். கையெழுத்துப் போடும் முன் அந்த 99,000 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். கோயம்புத்தூரில் ஒன்பது வருடமாகச் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். இதே இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தை அவர்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் வேலையை விட்ட நாளில் நடப்பில் இருந்தது 1972-ஆம் வருடத்து பணிக்கொடைச் சட்டம். அதன்படி கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும்தான் சம்பளம். வாடகைப் படி, போக்குவரத்துப் படி, போனஸ், ஓ.டி. எதுவும் சேராது. ஆக 32,000-ஐ வைத்து மனக்கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். உங்கள் கணக்கு 18,000-ல் தொடங்குகிறது.

முதல் பிழை அடுத்த படியில் வருகிறது. ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது விதி. பதினைந்து நாள் என்றதும் மாதத்தில் பாதி என்று நினைத்து 18,000-ஐ இரண்டால் வகுத்து 9,000 என்று எடுத்திருக்கிறார்கள். அது 30 நாள் கணக்கு. சட்டம் மாதச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுக்கச் சொல்கிறது. வார விடுமுறை நான்கு போக மாதத்தில் உழைக்கிற நாள் 26 என்பதால், ஒரு நாள் உழைப்பின் விலை 18,000-ல் 26-இல் ஒரு பங்கு. இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் 26 கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். 1987 திருத்தத்தில் அதைச் சட்டத்துக்குள்ளேயே விளக்கமாக எழுதிவிட்டார்கள். ஆகவே இது கம்பெனி பாலிசியாக மாற்றிக்கொள்ளக்கூடிய எண் கிடையாது. 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 10,384 ரூபாய் 62 பைசா வரும். 9,000 வராது.

இரண்டாவது பிழை வருடத்தில். நீங்கள் வேலை பார்த்தது 11 வருடம், 7 மாதம், 15 நாள். அவர்கள் 11 என்று எடுத்திருக்கிறார்கள். 9,000-ஐ 11-ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 99,000 வருகிறது பாருங்கள். கடைசியில் மிஞ்சும் துண்டு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை ஒரு முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதமோ அதற்குக் கீழோ என்றால் விட்டுவிடலாம். உங்களுக்கு ஏழு மாதம் தாண்டிவிட்டது, அதனால் 12.

```
18,000 ÷ 26 × 15 × 12 = 1,24,615
```

வித்தியாசம் 25,615 ரூபாய். ஒன்றரை மாத பேசிக், டி.ஏ.வுக்குச் சற்றுக் கீழே.

இந்த ஆறு மாத விதியைச் சிலர், கிராஜுவிட்டி கிடைக்கவே ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற தகுதிக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். நாலரை வருடம் தாண்டினால் ஐந்தாகிவிடும் என்பது தவறு. தகுதி வேறு, தொகை வேறு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது தனிக் கதை, உங்களுக்குத் தேவைப்படாது.

தேவைப்படுவது சேர்ந்த தேதி. அப்பாய்ன்ட்மென்ட் ஆர்டரில் ஜூன் 5 என்றுதான் இருக்கிறதா, அதற்கு முன் டெம்பரரியாக அங்கேயே வேலை பார்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். என் அப்பா ஒரு நூற்பாலையில் 1996 ஆகஸ்டில் டெம்பரரியாகச் சேர்ந்து, 1998 ஜூலையில் பெர்மனென்ட் ஆகி, 2016 மே மாதம் ரிடையர் ஆனார். கடைசி பேசிக், டி.ஏ. 9,100. ஆலை பெர்மனென்ட் ஆன நாளிலிருந்து எண்ணி 18 வருடம் என்று 94,500 கொடுத்தது. அப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பீரோவில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் அவருடைய இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, அதில் சேர்ந்த வருடம் 1996. இடைவெளி விழாமல் வருடத்துக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தால் டெம்பரரி காலமும் தொடர் பணிதான். அப்படிப் பார்த்தால் 19 வருடம் 9 மாதம், அதாவது 20. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பத்து மாதம் கழித்து மீதி 10,500-ம் வட்டியும் வந்தது. அந்தப் பணத்தைவிட, தான் உழைத்த இரண்டு வருடம் எழுத்தில் வந்ததைத்தான் அப்பா பெரிதாக நினைத்தார். அதனால்தான் எல்லோரிடமும் பழைய இ.எஸ்.ஐ. அட்டையையும் பி.எஃப். சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் படிவம் 1-ல் எழுத்து மூலமாகக் கேளுங்கள், நகலில் கம்பெனி சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி தன் பக்கம் 'எல்' படிவத்தில் தொகையைத் தெரிவிக்க வேண்டும். அதில் சம்பளம் எவ்வளவு, வருடம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். பிழை எங்கே என்று அதைப் பார்த்தாலே காட்டிவிடலாம். பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டு வரியைக் காட்டியதும் திருத்திவிடுவார்கள். திருத்தாவிட்டால் 'என்' படிவத்தில் உதவி ஆணையரிடம் மனு. அதற்கு 90 நாள் என்று ஒரு கெடு இருக்கிறது. தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிப்பார்கள், ஆனாலும் நாளைக் கடத்தாதீர்கள்.

கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் வருடத்துக்கு 10 சதவீதத் தனிவட்டி உண்டு. உங்கள் தொகை முழுவதும் ஒரு வருடம் நின்றுவிட்டால் வட்டி மட்டும் 12,461 ரூபாய். 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்ற சீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் உரிமை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வேறு ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் சட்டமே மேல் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் 99,000-ஐ வாங்கினால் ரசீதில் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

இதைப் படிக்கிற வேறு யாராவது 2025 நவம்பர் 21-க்குப் பிறகு வேலையை விட்டிருந்தால், உங்களுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பொருந்தும். 26, 15, ஆறு மாதம் எல்லாம் அப்படியேதான். தொகைக் கணக்கில் சம்பளம் என்பதன் விளக்கம் மட்டும் மாறியிருக்கிறது: விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். 30,000 சம்பளத்தில் பேசிக் 10,000-தான், வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் சேர்ந்து 20,000 என்றால், பாதிக்கு மேல் இருக்கிற 5,000 பேசிக்கோடு சேர்ந்து கணக்கு 15,000-க்குப் போடப்படும். கேள்வி கேட்டவரின் படிகள் 14,000, பாதிக்குக் கீழ்தான். அதனால் அவருக்குப் புதிய விளக்கப்படி பார்த்தாலும் 18,000-தான்.