எஃப்எஸ்பி நம்பர் இருந்தா போதுமா?

"டர்பன்ல இருக்கேன். வாட்ஸ்அப்ல ஒரு ஃபாரெக்ஸ் புரோக்கர் லைசென்ஸ் பிடிஎஃப் அனுப்பிருக்கான், எஃப்எஸ்பி நம்பரும், அதாவது நிதிச் சேவை லைசென்ஸ் நம்பரும் இருக்கு. 5,000 ரேண்ட் போடலாமா?"

இப்ப போடாதீங்க தம்பி. பிடிஎஃப்ப யார் வேணா செய்யலாம், நம்பரும் பாதி நேரம் நெசம்தான், ஆனா வேற யாரோடதோ. அவன் அனுப்புற லிங்க்க அழுத்தாம, நீங்களே தென்னாப்பிரிக்க நிதி ஒழுங்குமுறை அமைப்பு எஃப்எஸ்சிஏவோட fsca.co.za-ன்னு டைப் பண்ணி உள்ள போயி, எஃப்எஸ்பி தேடுற இடத்துல அந்த நம்பர போடுங்க. பேரு ஒத்துப்போச்சுன்னு அதோட நிறுத்திடாதீங்க, எந்தெந்த ப்ராடக்டுக்கு அனுமதின்னு கீழ லிஸ்ட் வரும், அதத்தான் பாக்கணும். வெறும் இன்ஷூரன்ஸ், ஃப்யூனரல் பாலிசி மட்டும் இருந்தா அவன் ஃபாரெக்ஸ் பக்கமே வரக்கூடாது. டெரிவேட்டிவ்னு இருக்கணும். விலை ஏறுமா இறங்குமான்னு மட்டும் போடுற சிஎஃப்டி மாதிரி ட்ரேடுக்கு அவனே எதிர்ப்பக்கம் நிக்கிறான்னா ODP-ங்கற டெரிவேட்டிவ் ப்ரொவைடர் லைசென்ஸ் தனியா வேணும், வெறும் எஃப்எஸ்பி பத்தாது.

சிஐபிசி பதிவு காட்டினா, அது கம்பெனி பதிவு மட்டும்தான், லைசென்ஸ் இல்ல.

எல்லாம் சரியா இருந்தாலும் பதிவுல உள்ள கம்பெனிக்கு வேற வழியா நம்பர் தேடி போன் போட்டு, இந்த ஆளு உங்க ஆளான்னு கேளுங்க. பேரத் திருடுறவன் இங்கதான் மாட்டுவான். காசு போடச் சொல்ற அக்கவுண்ட் யாரோ தனி ஆள் பேர்ல இருந்தா வேற எதையும் பாக்க வேணாம், பிளாக் பண்ணிடுங்க. சந்தேகம்னா எஃப்எஸ்சிஏவுக்கே 0800 20 3722.