தொடை இடுக்கில் புடைப்பு: ஹெர்னியா கேள்வி பதில்

"வயசு 56. சாயங்காலம் ஆனா வலது தொடை இடுக்குல ஒரு புடைப்பு, படுத்தா காணாம போயிடுது. வலி இல்ல. விட்டுடலாமா டாக்டர்?"

பெரும்பாலும் ஹெர்னியாதான், அதாவது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியாகக் குடல் போன்றவை வெளியே பிதுங்குவது. நிற்க வைத்து இருமச் சொல்லிக் கை வைத்துப் பார்த்தாலே பலருக்குத் தெரிந்துவிடும், ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. தொந்தரவே இல்லாத ஆண்கள் கொஞ்ச காலம் கவனித்துக்கொண்டு இருக்கலாம், திடீரென்று சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. ஆனால் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிடுகிறார்கள், அதனால் ஒருமுறை சர்ஜனிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

"அம்மாவுக்கு 71. நேத்துலேர்ந்து வாந்தி, வயிறு உப்பசம், கேஸ்னு மாத்திரை கொடுத்தோம். இன்னைக்கு குளிப்பாட்டும்போது தொடை இடுக்குக்குக் கீழே எலுமிச்சை அளவுக்குக் கட்டி, தொட்டாலே கத்துறாங்க. அமுக்கி உள்ள தள்ளலாமா?"

தள்ளவே தள்ளாதீர்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிக்கு. தண்ணீர்கூட கொடுக்க வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் போனதும் அதைச் சொல்லுங்கள்.

வயதான பெண்களுக்கு இந்த இடத்தில் வரும் ஹெர்னியாவின் வாய் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதில் குடல் சிக்கினால் முதலில் ரத்தம் திரும்பி வரும் வழி அடைபடும், குடல் வீங்கும், வீங்க வீங்க இன்னும் இறுகும், கடைசியில் உள்ளே போகும் ரத்தமும் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பித்துவிடும். அழுகியதை அமுக்கி உள்ளே தள்ளினால் வெளியே கட்டி மறையும், வயிற்றுக்குள் அது ஓட்டையாகும். வலி திடீரென்று குறைந்தாலும் நம்பாதீர்கள்.

"அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் முடிஞ்சது டாக்டர். ஒரு சாண் குடல் கறுத்துப் போச்சுன்னு வெட்டி இணைச்சாங்க. ஆனா வலை வைக்கல, தையல்தான். சரியா செஞ்சாங்களா?"

பிழைத்தாரே, அதுவே பெரிது. வலை என்பது ஹெர்னியா வந்த ஓட்டையை பலப்படுத்த வைக்கும் செயற்கை வலைத்துணி. குடலை வெட்டிய இடத்தில் கிருமி பரவியிருக்கும், வலையில் அது ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு, அதனால்தான் தையல். மறுபடி வரும் வாய்ப்பு சற்று கூடுதல். இப்படிப்பட்ட நிலையிலும் வலை வைக்கலாம் என்று சொல்லும் சர்ஜன்கள் உண்டு, எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

"லேப்ராஸ்கோப்பியில வலை வெச்சுட்டா திரும்ப வரவே வராதுல்ல? அதுதானே எல்லாருக்கும் பெஸ்ட்?"

பாதி சரி. லேப்ராஸ்கோப்பி என்றால் பெரிதாகக் கீறாமல், சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. வலை வைத்தால் குறைவாகத்தான் திரும்பும், ஆனால் வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. இரண்டு பக்கமும் இருந்தால், முன்பு கீறிச் செய்தது திரும்ப வந்தால், பெண்களாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி நல்லது. ஆனால் அதற்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கீறி வலை வைப்பதே பாதுகாப்பு. புராஸ்டேட்டை அறுத்து எடுத்தவருக்கும் உள்ளே ஒட்டிப்போயிருக்கும், அவருக்கும் கீறித்தான். அப்புறம், எந்த முறையானாலும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்குத் தொப்புள்ல இருக்கு, பெல்ட் போட்டே சமாளிக்கிறேன். போதும்தானே?"

இங்கே பேசுவது தொடை இடுக்கு, தொப்புள் வேறு கணக்கு. பெல்ட் எந்த ஓட்டையையும் மூடாது. குடல் வெளியே இருக்கும்போதே இறுக்கிக் கட்டினால் ஆபத்து, நேரில் காட்டுங்கள்.