இன்டீரியர் டிசைனர் கட்டணம்: சதுர அடியா, சதவீதமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காட்பாடியில் 1,200 சதுர அடி ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். ஒரு டிசைனர் சதுர அடிக்கு 60 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் மொத்த வேலைச் செலவில் 10 சதவீதம் கேட்கிறார். அவருடைய மதிப்பீடு ஏழரை லட்சம். யாரை அமர்த்தலாம்?

60 ரூபாய், 10 சதவீதம் என்ற எண்களை விடுங்கள். அவற்றை எதால் பெருக்குகிறார்கள் என்று கேளுங்கள். 1,200 என்பது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் அளவு. லிஃப்ட், மாடிப்படி, பொது நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். டிசைனர் அவற்றுக்கு வரைபடம் போடப்போவதில்லை. வீட்டுக்குள் மட்டும் அளந்தால் வருவது கார்பெட் ஏரியா. அது 920 சதுர அடிதான் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 72,000 அல்ல, 55,200. எனவே 'கார்பெட் ஏரியாவுக்கு மட்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, அந்தத் தொகைக்கு அவர் எத்தனை முறை வேலை நடக்கும் இடத்துக்கு வருவார் என்று கேளுங்கள். ஆறு முறை வருவார், அதற்கு மேல் முறைக்கு 2,000 ரூபாய் என்றால், மூன்று மாத வேலைக்கு ஆறு வருகைகள் போதாது. இன்னும் ஆறு சேர்த்தால் 12,000 கூடி 67,200 ஆகிறது. டிசைனர் சென்னைக்காரர் என்றால், ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கார் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சதவீதக்காரருக்கு இன்றைய கணக்கில் 75,000. ஆனால் ஏழரை லட்சம் வெறும் மதிப்பீடுதான். நீங்களே கடையில் வாங்கும் ஏசி, சோபா, கட்டில் இரண்டு லட்சம் என்று அதையும் செலவுக் கணக்கில் சேர்த்தால் கட்டணம் 95,000 ஆகிவிடும். சமையலறைக் கதவுக்கு லேமினேட்டுக்குப் பதில் அக்ரிலிக் போட்டாலும் கட்டணம் ஏறும். வரைபட வேலை மட்டும் அப்படியே இருக்கும். இந்த முறையில் எனக்குப் பிடிக்காதது இதுதான்: செலவைக் குறைக்க வேண்டியவருக்குச் செலவு கூடினால்தான் வருமானம் கூடுகிறது.

உங்களுக்குச் சதுர அடி முறையே நல்லது. சதவீதக்காரரின் வேலை பிடித்திருந்தால், கையெழுத்திட்ட மதிப்பீட்டின் மேல் மட்டுமே சதவீதம், பிறகு செலவு ஏறினாலும் கட்டணம் ஏறாது என்று எழுதி வாங்குங்கள். வாரம் ஒருமுறை அவரே வந்து நின்று பார்ப்பார் என்றால், 75,000 நியாயமான தொகைதான்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு அலமாரிக்குச் சதுர அடி 1,450 ரூபாய் என்று பேசினோம். ஏழடி அகலம், ஏழடி உயரம். 71,050 வரும் என்று நினைத்தோம். 1,05,450க்கு பில் வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

அளவில் தவறில்லை. முதலில் ஒன்று: இது டிசைனர் கட்டணம் அல்ல, செய்து தரும் வேலைக்கான விலை. இரண்டுக்கும் 'சதுர அடி' என்றே சொல்வதால் பலர் குழம்புகிறார்கள்.

அலமாரியை முன்பக்க அளவில்தான் கணக்கிடுவார்கள். இரண்டடி ஆழம் கணக்கில் வராது. நீங்கள் அனுப்பிய பில்லைப் பிரித்துப் பார்த்தேன். மேலே உள்ள லாஃப்ட் 14 சதுர அடி, அதே விலையில் 20,300. சுவரை ஒட்டாமல் வெளியே தெரியும் பக்கப் பலகைக்கு லேமினேட் ஒட்ட 6,300. கைப்பிடி, பூட்டு, இழுப்பறைச் சேனல் 7,800. கடைசி இனத்துக்கு விலைப்பட்டியலில் இருந்தது ஒரே வரி: 'ஹார்டுவேர் நடப்பு விலைப்படி'. இந்த வரி எங்கே இருந்தாலும் தொகையை நிரப்பச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

லாஃப்ட்டுக்குள் தட்டுகளோ இழுப்பறைகளோ இல்லையென்றால் முழு விலை அதிகம். அங்கே குறைத்துக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மற்ற இனங்கள் செய்த வேலைக்கானவை. அடுத்த அறைக்கு, எத்தனை தட்டு, எத்தனை இழுப்பறை, எந்த மில்லிமீட்டர் பிளைவுட் என்று வரைபடத்திலேயே குறித்து, ஓர் அலமாரிக்கு ஒரே விலை கேளுங்கள். பலகை வந்து இறங்கியதும், லேமினேட் ஒட்டுவதற்கு முன்பே முத்திரையைப் பாருங்கள். சமையலறைக்குத் தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐஎஸ் 710 தரப் பிளைவுட் என்று பேசியிருந்தால், பொதுப் பயன்பாட்டுக்கான 303 முத்திரையுள்ள பலகையை ஏற்காதீர்கள். ஒட்டிய பிறகு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

டிசைனர் சொல்லும் கடையிலேயே பொருள் வாங்க வேண்டுமா? ஜிஎஸ்டி தனி என்கிறார். - ராணிப்பேட்டை வாசகி

கட்டாயமில்லை, அம்மா. சில கடைகள் டிசைனருக்குக் கமிஷன் தருவதுண்டு. அது உங்கள் விலையில்தான் ஏறும். அதே பிராண்டு, அதே எண் கொண்ட லேமினேட்டுக்கு வேலூரில் வேறு இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். எங்கே வாங்கினாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். டிசைனர் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 60,000 ரூபாய்க்கு 10,800. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது.

குடியாத்தத்தில் பழைய வீடு. சமையலறையை மட்டும் மாற்றுகிறோம். எந்த முறை?

இரண்டும் வேண்டாம். நூறு சதுர அடி அறைக்குச் சதுர அடிக் கட்டணம் டிசைனருக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழியில் அதை ஈடுகட்டப் பார்ப்பார். வரைபடம், மின்சாரப் பாயின்ட், தண்ணீர்க் குழாய் குறித்த தாள், மூன்று வருகைகள் என்று எழுதி, மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். பழைய மேடையை இடிப்பது, குப்பையை அகற்றுவது ஆகியவற்றை யார் செய்வது என்பதையும் அதே தாளில் சேருங்கள்.