65 ஏன் 10 ஆகிறது?

கேள்வி: ஆர்எஸ்ஏ குறியாக்க முறை பற்றிய அசைன்மென்ட்டில் p = 5, q = 11, e = 3 என்று கொடுத்திருக்கிறார்கள். ஜாவாவில் எழுதினேன். d = -13 என்று வருகிறது. பைத்தானில் எழுதிய நண்பனுக்கு 27 வருகிறது. சரியென்று 27-ஐயே போட்டு, 'A' எழுத்தின் எண்ணான 65-ஐக் கொடுத்தேன். குறியாக்கினாலும் 10, திரும்ப எடுத்தாலும் 10. எங்கே தவறு என்றே புரியவில்லை. ஒருவர் முழு நிரலையும் காசுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். உங்கள் நிரலில் பெரிய பிழை எதுவும் இல்லை. இரண்டு இடத்தில் ஒவ்வொரு வரி சேர்த்தால் போதும்.

முதலில் அந்த -13. d என்பது குறியைத் திரும்ப எடுக்கப் பயன்படும் அடுக்கு; 3-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டிய எண். 40 எங்கிருந்து வந்தது என்றால் (5−1) × (11−1). நிரலில் இதன் பெயர் phi. இதை 5 × 11 = 55-உடன் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நீங்கள் குழப்பிக்கொள்ளவில்லை என்பது -13 வந்ததிலிருந்தே தெரிகிறது. யூக்ளிட் முறை உங்கள் எண்களுக்கு ஒரே படியில் முடிந்துவிடும்: 40 = 13 × 3 + 1. இதைத் திருப்பி எழுதினால் 1 = 40 − 13 × 3. இங்கே 3-ஐப் பெருக்கி நிற்கும் எண் -13. அதைத்தான் உங்கள் நிரல் அச்சடித்திருக்கிறது. அது தவறான விடை அல்ல. 40 கூட்டினால் 27. சரிபார்க்க வேண்டுமா? 3 × 27 = 81; 40-ஆல் வகுத்தால் மீதி 1.

நண்பனுக்கு மட்டும் 27 வந்ததற்கு அவருடைய திறமை காரணமல்ல. பைத்தானில் `-13 % 40` என்றால் 27. ஜாவாவிலும் சி மொழியிலும் அதே வரி -13 என்றே தரும். ஆகவே ஜாவாவில் கடைசியாக ஒரு வரி வேண்டும்:

```java
if (d < 0) d = d + phi;
```

27 என்று கையால் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். ஆசிரியர் வேறு p, q கொடுத்த அடுத்த நொடி அது பொய்யாகிவிடும். குறைக்காத -13-ஐ அப்படியே அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுக்கைக் கணக்கிடும் சுற்று பெரும்பாலும் "k பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருக்கும்வரை" என்று எழுதப்பட்டிருக்கும். எதிர்ம எண் வந்தால் சுற்றுக்குள் நுழையவே நுழையாது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை 1 என்று வரும். எல்லாமே 1 ஆகத் திரும்பி வந்தால் d-யின் குறியைப் பாருங்கள். வேறு எங்கும் தேட வேண்டாம்.

இப்போது 65. இங்கே n = 5 × 11 = 55. குறியாக்கும்போது எண்ணின் 3-ஆம் அடுக்கையும், திரும்ப எடுக்கும்போது குறியின் d-ஆம் அடுக்கையும் n-ஆல் வகுத்து மீதியை எடுக்கிறோம். இந்த முறையில் 0 முதல் 54 வரையுள்ள எண்களை மட்டுமே அனுப்ப முடியும். மறுமுனையில் வெளியே வருவது எப்போதுமே 55-ஆல் வகுத்த மீதி. மீதி 54-ஐத் தாண்டாது. 65-ஐக் கொடுத்தால் நிரல் சத்தமில்லாமல் அதை 10 ஆக்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. பிழைச் செய்தி ஏதும் வராது. 'A'-க்கு 65 என்றால் எந்த ஆங்கில எழுத்தும் 55-க்குள் அடங்காது. n = 55 கொடுத்துவிட்டு, எழுத்தைக் குறியாக்கு என்று கேள்வி கேட்பவர்கள் தாங்களே ஒருமுறையாவது அதை ஓட்டிப் பார்த்தார்களா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். அதே எண்கள் ஆண்டுதோறும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மாட்டிக்கொண்டு முழிப்பது மாணவர்.

உங்கள் முன்னால் இரண்டு வழி. எண்களை மாற்ற அனுமதி இருந்தால் p = 11, q = 17, e = 3 எடுத்துக்கொள்ளுங்கள். n = 187, phi = 160, d = 107. 65 குறியாகும்போது 109 ஆகும். திரும்ப எடுத்தால் 65. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் வருவதால் 187 தாராளம். மாற்றக்கூடாது என்றால் எழுத்துகளை 2 முதல் 27 வரை எண்ணிட்டு, அப்படிச் செய்ததை நிரலின் தொடக்கக் குறிப்பில் எழுதுங்கள். எப்படியானாலும் குறியாக்கும் முன் இந்தக் காவல் வரி இருக்கட்டும்:

```java
if (m < 0 || m >= n)
    throw new IllegalArgumentException("m >= n");
```

அப்படியே 65-ஐ 10 என்று எடுத்துக்கொண்டாலும், குறியாக்கிய பிறகும் ஏன் 10? உங்களை அதிகம் குழப்பியது இதுவாகத்தான் இருக்கும். 10-ஐ மூன்று முறை பெருக்கினால் 1000. 55 × 18 = 990. மீதி 10. நீங்கள் 10-ஐ உள்ளே போட்டால் 10 வெளியே வருகிறது. அதைத் திரும்ப எடுத்தாலும் 10. கணக்கு சரி. இந்த எண்ணுக்கு அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இப்படி மாறாமல் நிற்கும் எண்கள் உங்கள் 55-இல் ஒன்பது இருக்கின்றன: 0, 1, 10, 11, 21, 34, 44, 45, 54. வேறு e எடுத்தால் தப்பிக்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது. இரண்டு வெவ்வேறு ஒற்றைப்படைப் பகா எண்களை வைத்து எந்த e எடுத்தாலும் குறைந்தது ஒன்பது எண்கள் மாறாமல் நிற்கும். உண்மையான சாவிகளிலும் அந்த ஒன்பது உண்டு. ஆனால் அங்கே n அறுநூறு இலக்கங்களைத் தாண்டும். அந்தக் கடலில் ஒன்பது எண்களில் ஒன்றைத் தற்செயலாகத் தொடுவது நடக்காத காரியம். 55-இல் ஒன்பது என்பதோ கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. எனவே சிறிய எண்களை வைத்து விளையாடும்போது அடிக்கடி தட்டுப்படும். மதிப்பிடுபவர் "குறியாக்கமே நடக்கவில்லையே" என்று கேட்டால், இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். 2-ஐக் கொடுத்து 8 வருவதையும் கூடவே காட்டுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். குறியாக்கமே செய்யாமல், வந்த எண்ணை அப்படியே திருப்பித் தரும் உதவாக்கரை நிரலும் 10 என்ற சோதனையில் தேறிவிடும்.

இனி அந்தக் காசுக்கு நிரல் தருபவர். இப்படி விற்கப்படும் நிரல்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வரி இது:

```java
long m = (long) Math.pow(c, d) % n;
```

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் `Math.pow` தருவது தசம எண். ஏறக்குறைய 15 இலக்கங்களுக்கு மேல் அதன் துல்லியத்தை நம்ப முடியாது. 13-இன் 27-ஆம் அடுக்கோ 31 இலக்கம். அதை `long`-க்குள் திணித்தால், கொள்ளாத எண்ணுக்குப் பதிலாக `long` தாங்கக்கூடிய மிகப்பெரிய எண்ணை ஜாவா வைத்துவிடும்: 9223372036854775807. இங்கேதான் வேடிக்கை. இந்த எண்ணை 55-ஆல் வகுத்தால் மீதி 7.

விற்பவர் உங்கள் கண் முன்னால் 7-ஐக் கொடுத்து ஓட்டிக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 7-ஐக் குறியாக்கினால் 343; அதிலிருந்து 330-ஐக் கழித்தால் 13. அந்த 13-ஐத் திரும்ப எடுக்கும்போது அவருடைய தவறான வரி 7 என்று காட்டும். நீங்களும் கைதட்டிக் காசைக் கொடுத்துவிடுவீர்கள். அதே நிரலில் 2-ஐப் போடுங்கள். குறி 8; திரும்பி வருவது 7. 3-ஐப் போட்டாலும் 7. குறி 6 அல்லது அதற்கு மேல் போனால் எல்லாமே 7. அவர் உங்களை வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்றுகூட நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. யாரோ எழுதியதை எடுத்து, மாறியின் பெயர்களை மாற்றி, பத்துப் பேருக்கு விற்கிறார். பத்துப் பேரும் ஒரே பிழையோடு சமர்ப்பிக்கும்போது பிடிபடுவது நீங்கள், அவர் அல்ல. ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து மதிப்பெண் தரும் முறை இருக்கும்வரை இந்த வியாபாரமும் நடக்கத்தான் செய்யும்.

அடுக்கைக் கணக்கிட வேண்டிய முறை இது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் உடனே மீதியை எடுத்துவிடுகிறோம். எண் பெருக வாய்ப்பே கிடையாது.

```java
static long modPow(long b, long k, long n) {
    long r = 1;
    b = b % n;
    while (k > 0) {
        if (k % 2 == 1) r = r * b % n;
        b = b * b % n;
        k = k / 2;
    }
    return r;
}
```

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறி 8, d = 27. 8-இன் வர்க்கம் 64, மீதி 9. 9-இன் வர்க்கம் 81, மீதி 26. 26-இன் வர்க்கம் 676, மீதி 16. 16-இன் வர்க்கம் 256, மீதி 36. இவை முறையே 2, 4, 8, 16-ஆம் அடுக்குகள். 27 = 16 + 8 + 2 + 1 என்பதால் 36, 16, 9, 8 ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். 36 × 16 = 576, மீதி 26. 26 × 9 = 234, மீதி 14. 14 × 8 = 112, மீதி 2. அனுப்பிய 2 திரும்பி வந்துவிட்டது. வழியில் எந்த எண்ணும் நான்கு இலக்கத்தைக்கூடத் தொடவில்லை. இந்தத் தாளை அசைன்மென்ட்டோடு இணைத்துக் கொடுங்கள். நிரல் உங்களுடையதுதானா என்ற கேள்வி எழாது.

சமர்ப்பிக்கும் முன் ஒற்றை எண்ணை நம்பாமல் 0 முதல் 54 வரை அத்தனையையும் ஓட்டுங்கள்:

```java
for (long m = 0; m < n; m++)
    if (modPow(modPow(m, e, n), d, n) != m)
        System.out.println(m);
```

திரையில் எதுவும் அச்சாகாவிட்டால் நிரலைக் கொடுத்துவிடலாம். ஏதாவது அச்சானால், முதலில் d எதிர்மமாகவே நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் d × e-ஐ phi-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 இல்லையென்றால் d-ஐக் கணக்கிடும் பகுதியில் கோளாறு. மீதி 1 இருந்தும் எண்கள் அச்சானால் `modPow`-வில் மீதி எடுக்கும் இடம் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பாருங்கள்.