நாலேகால் அங்குலம்

வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட்டில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் ஆடுவதற்காகத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அவரிடம் குடைப்பாவாடை தைக்கக் கேட்கிறாள். இடுப்பு 28 அங்குலம், உயரம் 36. அவர் 28-ஐ 6.28-ஆல் வகுத்து 4.46 என்று ஆரம் கண்டுபிடித்து, துணியை நாலாக மடித்து வெட்டுகிறார். இந்தக் கணக்கு கதைக்குப் பாரமாக இருக்கிறது, எடுத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். எடுத்துவிடலாமா? மலாய்ச் சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டுமா? இதைப் போட்டிக்கு அனுப்பலாமா?
– ஒரு வாசகி, பீடோர்

அன்புத் தங்கைக்கு,

அடிக்குறிப்பு வேண்டாம். போட்டிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கைப் பற்றி மட்டும் பேசுவோம். கொஞ்ச நாளாகவே சின்னம்மாவின் அளவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில், கால்மிதி மெஷினில், தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்க விடிய விடியத் தைத்தவர் அவர். அந்த நேரம் பார்த்து உங்கள் கதை வந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். அப்படி நின்ற பெண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்கு பாரமாக இருப்பதால் அல்ல. அது தப்பாக இருப்பதால்.

குடைப்பாவாடை என்பது நடுவில் இடுப்புக்குத் துளை வெட்டிய வட்டத் துணி. அந்தத் துளையின் சுற்றளவு 28 என்றால் ஆரம் 4.46. பள்ளிக்கூடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். உங்கள் தையற்காரர் அந்த 4.46-இல் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே கத்தரிக்கோலை விடுகிறார். அப்புறம் பட்டி வைத்துத் தைக்கிறார், பாவாடை 'அச்சில் வார்த்ததுபோல்' பொருந்துகிறது. பொருந்தாது, தங்கை. பட்டியைத் துணியின் விளிம்பிலேயே தைக்க முடியாது. விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித்தான் தையல் ஓடும். வட்டத் துணியில் உள்ளே தள்ளுவது என்றால் மையத்தை விட்டு விலகிப் போவது. ஆகவே தையல் விழும் இடத்தில் ஆரம் 4.96 ஆகிவிடும். அங்கே சுற்றளவு எவ்வளவு? 31 அங்குலத்துக்கும் மேலே. 28 இடுப்புக்கு 31 அங்குலத் துளை. அந்தப் பெண் மேடையில் ஒரு சுற்றுச் சுற்றினால் பாவாடை காலடியில் கிடக்கும்.

இதை நான் விடப் போவதில்லை, ஏனென்றால் இந்த வெட்டின் ஆபத்து முழுவதும் இதில்தான் இருக்கிறது. நேரான துணியில் அரை அங்குலம் பிசகினால் அரை அங்குலம்தான் நஷ்டம். வட்டத்தில் ஆரம் அரை அங்குலம் பிசகினால் இடுப்பில் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விடும். கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். சாக்கட்டி மழுங்கியிருந்து கோடு தடிமனாக விழுந்தாலே போதும், அதன் வெளி ஓரத்தில் வெட்டியவருக்கும் உள் ஓரத்தில் வெட்டியவருக்கும் அளவு வேறாகிவிடும். அதனால்தான் தைக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துளையைக் கொஞ்சம் சிறிதாகவே வெட்டுவார்கள். சிறிதாக இருந்தால் இன்னொரு நூலளவு நறுக்கிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாகிவிட்டால் அந்தத் துணியைச் சுருக்கம் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டும், சுருக்கம் பிடித்தால் அப்புறம் அது குடைப்பாவாடை இல்லை.

இன்னொன்று. நாலாக மடித்து வெட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் துணியை? ஆரமும் உயரமும் சேர்ந்து 40 அங்குலத்துக்கு மேல் வருகிறது. நாலாக மடித்து ஒரே வட்டமாக வெட்ட 81 அங்குல அகலத் துணி வேண்டும். உங்கள் கதையில் வருவது பூப்போட்ட பருத்தி, சாதாரண 44 அங்குல அகலம். அதை மடித்தால் 22 அங்குலம்தான் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு முட்டி வரைக்கும் தைக்கலாம், 36 அங்குல உயரத்துக்கு வழியே இல்லை. இரண்டு அரைவட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் இணைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு நாமே வெட்டிப் பார்ப்போம். இரண்டு பக்கத் தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு ஓரம், ஓரத்துக்கு அரை அங்குலம் என்றால் மொத்தம் 2 அங்குலம் தையலுக்குள் போய்விடும். அதை முதலிலேயே இடுப்போடு சேர்த்துவிட வேண்டும், 30. அதை 6.28-ஆல் வகுத்தால் 4.78. இது தையல் ஓட வேண்டிய கோடு. கத்தரிக்கோல் ஓட வேண்டிய கோடு அதற்கு அரை அங்குலம் மையத்துப் பக்கமாக, 4.28-இல். நாலேகால் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே 4.78-உடன் உயரம் 36, ஓரம் மடிக்க அரை அங்குலம், ஆக 41¼. இது 44-க்குள் அடங்கும். ஓர் அரைவட்டத்துக்கு 82½ அங்குல நீளம், இரண்டுக்கு 165. பட்டிக்கும் சேர்த்து வாங்கினால் நாலேமுக்கால் கெஜம்.

தசமப் புள்ளியே தெரியாத சின்னம்மா இதை எப்படிப் போட்டார் தெரியுமா? தையலுக்கான இரண்டு அங்குலத்தையும் சேர்த்துக்கொள், ஆறால் வகு, முக்கால் அங்குலம் கழி. 30-ஐ ஆறால் வகுத்தால் 5. முக்கால் போனால் நாலேகால். அதே அளவு! நோட்டில் இடுப்பளவுக்குப் பக்கத்தில் இந்த ஓர் எண்ணை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். 6.28-க்குப் பதில் ஆறால் வகுப்பதால் ஆரம் சுமார் கால் அங்குலம் கூடுகிறது. தையலுக்கு அரை அங்குலம் மையத்துப் பக்கமாக வர வேண்டும். இரண்டையும் ஒரே கழித்தலில் முடித்துவிட்டார்கள். இடுப்பு 24 ஆனாலும் 36 ஆனாலும் துல்லியமான கணக்குக்கும் இதற்கும் இடுப்புச் சுற்றில் அரை அங்குல வித்தியாசம்கூட வராது. 40-க்கு மேலே போனால் துளை பெரிதாகும் பக்கம் சாய்கிறது. அங்கே முக்காலுக்குப் பதில் முழு அங்குலம் கழித்து, பிறகு அளந்து நறுக்குவது நல்லது.

அதனால்தான் உங்கள் தையற்காரரின் வாயில் ஆரத்தையும் விட்டத்தையும் திணித்து, 'படிக்காத மேதை' என்று கதையில் வரும் ஆசிரியரை வியக்க வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இது மேதைமை இல்லை. வெட்டிக் கெடுத்த துணிக்குத் தன் கையிலிருந்து காசு கொடுத்தவர்கள் கண்டுபிடித்த வழி. அவரை வியந்து பார்க்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். துணியைக் கரை ஓரமாக நேராக விரித்து, ஓரத்தின் நடுவில் ஒரு புள்ளி வைப்பார். இஞ்சி டேப்பின் முனையை அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, டேப்பைச் சுற்றிச் சுற்றி நகர்த்தி நாலேகாலில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போவார். வெட்டியதும் டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி, வளைவோடு நகர்த்தி அளப்பார். அளப்பது வெட்டின விளிம்பை அல்ல, அரை அங்குலம் தள்ளித் தையல் ஓடப்போகும் இடத்தை. ஒரு பாதிக்கு 15 வர வேண்டும். இதை எழுதினால் எந்த நண்பரும் பாரம் என்று சொல்ல மாட்டார்.

அப்புறம் அவர் உடனே ஓரம் மடித்துத் தைத்து அன்றைக்கே கொடுத்துவிடுகிறார் என்று வருகிறது. அதையும் மாற்றுங்கள். வட்டத்தில் துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொங்காது. கரையோடு நேராக வரும் இடத்தில் நூல் இழுத்துப் பிடிக்கும். நீள நூலுக்கும் குறுக்கு நூலுக்கும் நடுவே கோணலாக வரும் இடங்களில், கிராஸ் என்பார்களே, அங்கே துணி தன் கனத்திலேயே இறங்கும். முழுப் பாவாடையில் அப்படி நாலு இடம் இருக்கிறது. பருத்தியில் கொஞ்சம்தான் இறங்கும், ஜார்ஜெட் என்றால் கண்ணுக்கே தெரியும். இடுப்பு வளைவும் அந்த நாலு இடங்களில் கையோடு நீளும், அதனால் வெட்டின உடனே விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள். பட்டி வைத்து, ஓர் இரவாவது கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் அந்தப் பெண்ணை நிற்க வைத்து, தரையிலிருந்து ஒரு குச்சியால் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறி போட்டு, அதன் பிறகுதான் ஓரம் மடிக்க வேண்டும். அதுவும் ஒடுக்கமாக. அகலமாக மடித்தால் வெளி விளிம்பின் சுற்றளவு அதிகம், உள்ளே திரும்பும்போது சுருங்கும். அந்த ஓரம் மட்டும் ஏழு கெஜம் வரும். விழாவுக்கு முதல் நாள் துணியோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு எந்தத் தையற்காரரும் முழு வட்டம் தைத்துத் தர ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் கதைக்குள்ளேயே நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அம்மா சம்பள நாளில் வாங்கி வந்த துணி மூன்று கெஜம் என்று இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழு வட்டத்துக்கு நாலேமுக்கால் வேண்டும். மூன்று கெஜத்தில் ஒற்றை அரைவட்டம்தான் வரும். ஒரே தையல், அதற்கு ஓர் அங்குலம் சேர்த்து இடுப்பு 29. அரைவட்டம் என்பதால் இதை 3.14-ஆல் வகுக்க வேண்டும், 9.24. 36 அங்குல உயரத்தைக் கூட்டினால் 45-ஐத் தாண்டி, 44 அகலத்தில் அடங்காமல் போகிறது. உயரத்தை 34-ஆகக் குறைத்தால் மயிரிழையில் அடங்கும். நீளத்தில் இரண்டரைக் கெஜம் போகும், மீதி அரைக் கெஜத்தில் பட்டி. ஆனால் கீழே விரிவு பாதியாகிவிடும், பாவாடை இரண்டு அங்குலம் குட்டையாகிவிடும். அவள் கேட்டது சுற்றும்போது குடையாக விரியும் பாவாடை.

உங்கள் தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த மூன்று கெஜத்தை மேசையில் விரித்துப் பார்க்கும்போது இதெல்லாம் அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். இன்னும் இரண்டரைக் கெஜம் வாங்கி வா என்று அவளிடம் சொல்வாரா, சொல்லாமல் தன் அலமாரியில் கிடக்கும் வேறு பூப்போட்ட துணியை இணைப்பாரா, அரைவட்டமே போதும் என்று அம்மாவிடம் பேசி அவளைச் சமாதானப்படுத்தச் சொல்வாரா? அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா